தவுட்டு வந்துருக்குது

எங்கள் பக்கத்தில் அடுத்தடுத்துப் பிள்ளைகள் செத்துப் பிறகு ஒன்று பிறந்தால், அதைத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். பிள்ளையை முறத்தில் போட்டு வேறொரு பெண்ணிடம் நீட்ட, அவள் படித் தவிட்டைக் கொடுத்து வாங்கிக்கொள்வாள். பிறகு "வளத்துக் குடுங்" என்று பெற்றவளிடமே ஒப்படைத்துவிட்டுப் போவாள். அதற்கப்புறம் அது இந்த வீட்டுப் பிள்ளை இல்லை. முந்தினதுகளைத் தூக்கிக்கொண்டு போனது எதுவோ, அது இந்த வாசலுக்கு வந்தால் ஏமாந்து திரும்பிவிடும் என்று கணக்கு. குப்பைமேட்டில் கிடத்தி எடுத்தால் குப்பன், குப்பாயி. மூக்குக் குத்தினால் மூக்கன், மூக்காயி. மடியேந்தி வாங்கினால் பிச்சை. தெலுங்கிலும் இதே வேலையைச் செய்கிற பெண்டய்யா, பெண்டம்மா உண்டு, அங்கேயும் குப்பைமேடுதான்.

நான் தவிடு. பள்ளிக்கூடத்து ரிஜிஸ்டரில் செல்வநாயகி. ஊர் வாயில் தவுட்டு.

ஊர் என்பது பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், வேலந்தாவளத்துக்கும் ஒழலப்பதிக்கும் நடுவே இருக்கிறது. பழைய கொச்சி ராஜ்யத்து மண். பேச்சு முழுக்கக் கோயமுத்தூர்த் தமிழ், பஸ் போர்டும் ரேஷன் கார்டும் மலையாளம். கேரளம் என்றதும் ஆட்கள் நினைக்கிற பச்சை இங்கே கிடையாது. மழை மறைவுப் பகுதி, கடலையும் சோளமும் பனையும் விளைகிற வறண்ட காடு. போர் போட்டுப் போட்டு ஆழம் போனதே தவிரத் தண்ணீர் வரவில்லை. நான் பத்தாவது முடித்த கையோடு அப்பா எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு எங்களைத் திருப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பனியன் கம்பெனிக்குத் தண்ணீர் கம்மியாக இருந்தாலும் நடக்கும் என்பார்.

இப்போது நான் போனது நிலம் விற்க. எங்கள் அப்பாரு சாகுமுன் பேரப்பிள்ளைகளுக்கு எழுதி வைத்த பத்திரத்தில், தம்பியின் பெயரைச் சரியாகச் சொன்னவர், என் பெயரை மட்டும் "தவிட்டம்மாள்" என்று சொல்லி எழுத வைத்திருக்கிறார். கேலிக்காகச் செய்யவில்லை. அவருக்கு என் பெயர் அதுதான். ஆதாரிலும் பான் கார்டிலும் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்திலும் இருக்கிற செல்வநாயகி யாரென்று நிலம் வாங்க வந்தவர் கேட்டார். கேட்காவிட்டால்தான் அவர் ஏமாளி. இந்த மாதிரிச் சிக்கலுக்குக் கேரளத்தில் ஒரு மருந்து இருக்கிறது: ஒன் அண்ட் சேம் சர்டிபிகேட். இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒரே ஆளுடையவை என்று வில்லேஜ் ஆபீசர் எழுதிக் கொடுப்பது. அட்சயா சென்டர் என்கிற அரசு இ-சேவை மையத்தில் மனுவை ஏற்றிவிட்டால், அவர்கள் ஊருக்குள் வந்து விசாரித்து, அக்கம்பக்கத்தில் சாட்சி கேட்டுக்கொண்டு கொடுப்பார்கள்.

அந்த விசாரணைக்காகத்தான் போய் இறங்கினேன். பஸ்ஸை விட்டு இறங்கி ஐம்பதடி நடப்பதற்குள் தொடங்கிவிட்டது.

"யாரு, தவுட்டா?" பெட்டிக்கடை மாமா எழுந்தே வந்துவிட்டார். "என்ன தவுட்டு, வழி தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுங் மாமா. நல்லா இருக்கறீங்களா?"

"இருக்கறன், இருக்கறன். ஏய், தவுட்டு வந்துருக்குதுன்னு உள்ள சொல்லு."

கள்ளுக்கடைப் பக்கமிருந்து ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "தவுட்டு, உங்கப்பன் போனதுக்கு வர முடியாமப் போச்சு" என்று துக்கம் விசாரித்தார். மாரியம்மன் கோயில் திண்ணையில் இருந்த இரண்டு கிழவிகளில் ஒருத்திக்குக் கண் தெரியாது. மற்றவள் அவள் காதில் "தவுட்டு" என்று சொன்னதும், அவள் என் முகத்தைத் தடவிப் பார்த்து, "அது பொழச்சுக்கிச்சா?" என்று கேட்டாள். நாற்பத்தைந்து வயதில் ஒருத்தி முன்னால் நிற்கும்போது கேட்கிற கேள்வியா அது! ஆனால் அவளுக்கு அந்தப் பெயர் நின்றுபோன இடம் அங்கேதான்.

என்னைப் பார்த்தேயிராத பிள்ளைகள்கூட அதைச் சொல்லித்தான் கூப்பிட்டன. எட்டு வயதுப் பையன் ஒருவன் வந்து, "தவுட்டத்தை, அம்மா காப்பி குடிக்க வரச் சொன்னாங்க" என்றான். நான் ஊரில் இல்லாத வருடங்களில் பெயருக்கு முறை சேர்ந்திருக்கிறது. தவுட்டக்கா, தவுட்டத்தை. கூட வந்திருந்த என் மகன் சாயங்காலத்துக்குள் "தவுட்டு பையன்" ஆகிவிட்டான். அவன் பி.டெக். படிக்கிறான், சிரித்துக்கொண்டான்.

இதை முதலில் சிறுகதையாகத்தான் எழுதினேன். படித்துப் பார்த்த நண்பர் ஒருவர், பெயர் சொல்லிக் கூப்பிடுகிற இந்த இடங்களெல்லாம் நன்றாக வந்திருக்கின்றன, பாசம் பொங்குகிறது என்றார். எனக்கு அங்கேதான் உறுத்தியது. அந்தப் பெயரில் பாசம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெயரைச் சொல்கிற ஒவ்வொருவருக்கும் எனக்கு முன்னால் பிறந்த மூன்று பேரைத் தெரியும். பெயர் வைக்கிற அளவுக்குக்கூட இல்லாமல் போனதுகள். அதைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். தவுட்டு என்றாலே போதும், சொல்லியாயிற்று.

மூன்றும் போனது ஒரே மாதிரி என்று அம்மா பின்னாளில் சொன்னாள். பிறந்து இரண்டு மூன்று நாள் நன்றாகப் பால் குடிக்கும். அப்புறம் வாய் திறக்காது. பசிக்கு அழும், காம்பை வைத்தால் சப்ப முடியாது. தொட்டால் உடம்பு விறைக்கும், கதவு சத்தத்துக்கு விறைக்கும், முதுகு வில்லாக வளையும். ஏழெட்டு நாளில் முடிந்துவிடும். ஊரில் இழுப்பு என்றார்கள், பட்சி தோஷம் என்றார்கள். அது பச்சைப் பிள்ளைகளுக்கு வருகிற டெட்டனஸ். கதிர் அரிவாளால் தொப்புள் கொடியை அறுத்து, புண்ணில் சாணிச் சாம்பலை வைத்து அமுக்கினால் அந்தக் கிருமி உள்ளே போவதற்கு வேறு வழியே வேண்டாம். அது மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது. தாய்க்குக் கர்ப்பத்தில் இரண்டு ஊசி போட்டிருந்தால் அந்தக் காப்பு பிள்ளைக்கும் போகும், சுத்தமான பிளேடால் அறுத்து, புண்ணில் எதையும் வைக்காமல் விட்டால் கிருமிக்கு இடமே இல்லை. இவ்வளவுதான் விஷயம். இந்தியாவில் இந்த நோயை ஒழித்தாயிற்று என்று உலகச் சுகாதார நிறுவனம் ஒப்புக்கொண்டது 2015இல்தான்.

நான் பிறந்தது 1980இல். அம்மா வயிற்றில் நான் இருந்தபோது அவளைக் கையைப் பிடித்துச் சப்சென்டருக்குக் கூட்டிக்கொண்டு போய், இரண்டு தடவையும் ஊசி போட வைத்தவர் மயிலா. எங்கள் காட்டில் வேலை செய்தவர். அப்போது முப்பது வயது இருக்கும். நர்ஸம்மா சொன்னதைக் கேட்டு, புது பிளேடு ஒன்றை வாங்கித் துணியில் சுற்றி வைத்திருந்ததும் அவர்தான். வீட்டுப் பெரியவர்களுக்கு ஊசி தெரியாது. அவர்கள் தவிட்டுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். வாங்குகிறவள் "கீழ்" சாதியாக இருக்க வேண்டும் என்பதும் வழக்கத்தில் ஒரு பகுதி. வந்தது வந்து பார்த்தாலும், "சீ, இது அந்த வீட்டுப் பிள்ளை" என்று தொடாமல் போக வேண்டுமாம். எமனுக்கும் சாதி பார்க்கத் தெரியும் என்று எங்கள் ஆட்கள் நம்பியிருக்கிறார்கள். அப்படியாக, வாங்குவதற்கும் மயிலாவையே கூப்பிட்டார்கள்.

நடந்ததை மயிலா சொல்லக் கேட்டிருக்கிறேன். மூன்றாம் நாள் விடியற்காலம், புழக்கடைப் பக்கம். வீட்டுக்குள் வர முடியாதல்லவா, அங்கேதான் நிற்க வேண்டும். முறத்தில் பழைய சீலையைக் கிழித்து விரித்து என்னைப் போட்டிருந்தார்கள். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். பெற்றவள் பார்த்தால் விற்றது செல்லாது. "இந்தப் புள்ள என்ன வெலைங்?" என்று மயிலா கேட்க, பாட்டி "ஒரு படித் தவுடு" என்றாளாம். மயிலா, "பொட்டப்புள்ளைக்கு ஒரு படியா? முக்காப் படிதான் தருவேன்" என்று பேரம் பேசினாராம். அது சடங்கில் இல்லாத பேச்சு. துக்க வீடு மாதிரி இருந்த இடத்தில் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததாகச் சொல்வார். முக்கால் படிக்கு முடிந்தது. அந்தத் தவிடும் எங்கள் வீட்டில் நெல் குத்தின கூலிக்குக் கொடுத்ததுதான்.

ஆகவே, முறைப்படி பார்த்தால் நான் மயிலாவின் பிள்ளை. அம்மா அவருக்காக என்னை வளர்த்துக் கொடுத்தவள். தீபாவளிக்குத் தீபாவளி, வாங்கின அம்மாவுக்கு ஒரு சீலை எடுத்துக் கொடுப்பது எங்கள் வீட்டில் நடந்தது. அவர் அதைப் புழக்கடையில்தான் வாங்கிக்கொள்வார்.

விசாரணைக்கு வில்லேஜ் ஆபீஸிலிருந்து பீல்டு அசிஸ்டண்ட் மறுநாள் காலையில் வந்தார். திருச்சூர்ப் பக்கத்து இளைஞர், பைக்கில் வந்தவர். மனுவைத் தமிழில் கொடுத்திருந்தேன். தமிழ்ச் சிறுபான்மைப் பகுதிகளில் தமிழில் எழுதிக் கொடுக்க 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தில் இடம் இருக்கிறது, ஆனால் அதைப் படிக்க ஆள் தேட வேண்டும். பெட்டிக்கடை மாமா படித்துச் சொன்னார். திண்ணையில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள்.

"ஆரா ஈ செல்வநாயகி?" என்றார் அவர்.

ஒருவருக்கும் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. சைக்கிள்காரர், "அப்படி யாரும் இந்த ஊர்ல இல்லீங்க சார்" என்று திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறேன். என்னோடு ஐந்தாவது வரை படித்த ஒருத்திக்கு மட்டும், "வாத்தியார் அட்டென்டன்ஸ்ல செல்வநாயகின்னு ஒண்ணு படிப்பாரே, அது நீதானா?" என்று ஞாபகம் வந்தது.

"சரி, தவிட்டம்மாள்?"

"அது இதா நிக்குது!"

எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். இதுதான் சிக்கல். சான்றிதழுக்கு இரண்டு பெயரும் தெரிந்த ஆள் வேண்டும். ஒரு பெயர் மட்டும் தெரிந்த கூட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தகப்பன் பெயர், பிறந்த வருடம், எந்த வீடு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அவர் ஒப்பிட்டுக்கொண்டு வந்தார். வீட்டுப் பெயர் என்ன என்றார். மலையாளிகளுக்கு அது கட்டாயம், எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது. பள்ளியில் சேர்க்கும்போது அப்பா என்னவோ ஒரு களத்தின் பெயரைச் சொல்லியிருந்தார். பத்திரத்தில் அதுவும் இல்லை. பேனாவை மூடிவிடுவார் போலிருந்தது.

அப்போது கூட்டத்துக்குப் பின்னால், வேப்பமரத்தடியில் நின்றிருந்த மயிலா, "பள்ளிக்கூடத்துல சேத்தறப்ப நான்தானுங் கூட்டீட்டுப் போனது" என்றார். அம்மாவுக்கு அன்றைக்குக் காய்ச்சல். பெயர் என்ன என்று ஹெட்மாஸ்டர் கேட்டதற்கு, வீட்டில் சொல்லி அனுப்பியிருந்த செல்வநாயகியை மறக்காமல் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போய்ச் சொன்னவர் அவர். இரண்டு பெயரும் தெரிந்த ஒரே ஆள்.

பீல்டு அசிஸ்டண்ட் முகம் தெளிந்தது. அவர் பெயரைக் கேட்டுத் தன்னிடமிருந்த பட்டியலில் பார்த்தார். உடனே கிடைத்தது. 1970 ஜனவரி முதல் தேதி நடப்புக்கு வந்த நிலச் சீர்திருத்தத்தில், அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டிருந்த குடிகிடப்புக்காரர்களுக்குப் பஞ்சாயத்துப் பகுதியில் பத்து சென்ட் வரை உரிமை கிடைத்தது. மயிலாவின் மாமனார் குடிசை எங்கள் காட்டு மூலையில் இருந்தது. அந்தப் பத்து சென்ட் பட்டயமாகி, இப்போது மயிலா பெயரில் கரம் என்கிற நிலவரி கட்டப்படுகிறது. ரேஷன் கார்டு, ஆதார், கரம் அடைத்த ரசீது, மூன்றிலும் ஓர் எழுத்து மாறாமல் ஒரே பெயர். நிலக்காரர் வீட்டுப் பெண் எனக்குத்தான் யாரென்று நிரூபிக்க ஆள் தேவைப்பட்டது.

"அப்போ, இவங்களெ நாட்டில் எந்தா விளிக்கறது?" என்று அவர் எழுதத் தயாரானார்.

மயிலா வாய் திறக்கவில்லை.

"பெயர் சொல்லு அம்மே."

"அதானுங், இவங்கெல்லாம் கூப்பிடறாங்களே, அதுதானுங்."

"எது?"

அவர் பெட்டிக்கடை மாமாவைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வந்ததிலிருந்து ஊரே அந்தப் பெயரைச் சொல்கிறது. முந்தின நாள் சாயங்காலம் மயிலாவைப் பார்த்தபோது அவர் கேட்டது, "சின்னம்மிணி, எப்ப வந்தீங்?" என்று. சின்ன வயதிலும் அப்படித்தான். காட்டு வேலைக்கு வருகிறவர்கள் நிலக்காரர் வீட்டுப் பிள்ளையை அம்மிணி என்பார்கள், வாங்க போங்க என்பார்கள், பிள்ளைக்கு வயது மூன்றாக இருந்தாலும். பிள்ளை அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். நான் அவரை "மயிலா, தண்ணி குடு" என்று சொல்லி வளர்ந்தவள். முக்கால் படித் தவிடு கொடுத்து அந்தப் பெயரை எனக்கு உண்டாக்கினவருக்கு, அதைச் சொல்லிக் கூப்பிட மட்டும் உரிமை இருந்ததில்லை.

கதையாக எழுதியிருந்தால் இந்த இடத்தில் கிழவி என்னைக் கட்டிக்கொண்டு "என் தவுட்டு" என்று அழுதிருப்பாள். நண்பரும் அதைத்தான் எதிர்பார்த்தார், "முடிவு அங்கே இருக்கிறதே, ஏன் விட்டாய்?" என்று கோபித்துக்கொண்டார். மயிலா அப்படிச் செய்யவில்லை. மாமா சொன்னார், பீல்டு அசிஸ்டண்ட் எழுதினார், மயிலா கையெழுத்துப் போட்டார். எழுத்தறிவு இயக்கக் காலத்தில் கற்றுக்கொண்ட கையெழுத்து, ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக நிறுத்தி, அவசரமில்லாமல் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்குமுன் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டார்.

அப்புறம் அவர் வீட்டுக்குப் போனேன். ஓட்டு வீடு, முன்னால் இரண்டு தென்னை. நாற்காலி போட்டார், கட்டங்காப்பி கொடுத்தார். நான் அவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் எதையும் சொல்லிக் கூப்பிடாமலே பேசிக்கொண்டிருந்தேன். அவருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. அவர் மனதில் வேறு இருந்தது.

"நெலத்த முழுசா விக்கறீங்களா, அம்மிணி?"

"ஆமாங்."

"வாங்கறவரு கம்பி வேலி போடுவாராமே."

"போடுவாராட்ட இருக்குதுங்."

"அப்ப நான் எந்த வழியாப் போறது?"

அவருடைய பத்து சென்ட்டுக்குப் போகிற வழி எங்கள் காட்டுக்குள்தான். இத்தனை வருடமும் வரப்பில் நடந்துதான் போயிருக்கிறார். எந்தப் பத்திரத்திலும் அது வழி என்று எழுதப்படவில்லை, கேட்க வேண்டிய தேவையும் வந்ததில்லை. புதிதாக வாங்குகிறவர் வேலி போட்டுவிட்டால், ரொம்ப நாளாக நடந்த வழி என்று கோர்ட்டுக்குப் போய்த்தான் நிலைநாட்ட வேண்டும். இந்த வயதில் அவர் எங்கே போவார்? அதனால் விற்கிறபோதே, இன்ன சர்வே நம்பரில் இன்ன எல்லையோரம், இத்தனை அடி அகலத்தில், இந்தப் பத்து சென்ட்டுக்குப் போக வர வழி என்று எழுதி, ஸ்கெட்சிலும் காட்டிவிட வேண்டும் என்றார். யாரையோ விசாரித்து எல்லாம் தெரிந்து வைத்திருந்தார்.

"எத்தன அடி வேணுமுங்?"

"ஆட்டோ வர்ற அளவு. ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போறதுன்னா தூக்கீட்டா போவாங்க?"

அதோடு, "தீவாளிச் சீலையும் நீங்க திருப்பூர் போனதுல இருந்து பாக்கி" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

சான்றிதழ் வந்துவிட்டது. சீலை எடுப்பது சுலபம். பத்திரம் எழுதுகிறவரிடம் வழியைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன், எட்டு அடி. அவ்வளவு அகலம் விட்டால் விலை குறையும் என்று வாங்குகிறவர் சொல்கிறார், நடக்க மூன்று அடி போதாதா என்று தம்பி கேட்கிறான். அவன் பங்கும் என் பங்கும் ஒரே பத்திரத்தில் இருப்பதால் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். எட்டு அடிக்குக் குறைந்தால் நான் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். தம்பி இரண்டு வாரமாக என்னோடு பேசவில்லை.